தோட்டப் பள்ளிக்கூடம் மூடும்போது பிள்ளைகள் விடைபெறுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மிஞ்சியிருப்பது 14 பிள்ளைகள்தான். இந்தத் தவணையோடு மூடுகிறார்கள். 14 பேரை வைத்துக்கொண்டு என்ன விழா எடுப்பது?

விழா வேண்டாம். மேடை, பிரதம அதிதி, மாலை, பொன்னாடை என்று போனால் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று கால் கடுத்துப் போவார்கள். தரம் 5 வரையுள்ள சிறு பாடசாலையில் பிள்ளைகளே தொடங்கி முடிக்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: அங்கே படித்த எல்லோருடைய பெயரையும் ஒரு வெள்ளைச் சேலையில் எழுதுவது. பெயர்கள் அலுவலக அறையில் இருக்கும் சேர்வு இடாப்பிலேயே உண்டு. அம்மாவும் தாத்தாவும் அதே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் என்பதால், எழுதும் பிள்ளைக்குத் தன் வீட்டுப் பெயர் கட்டாயம் ஒன்றாவது அகப்படும். லயத்து வீடுகளிலிருந்து ஆட்களை வரவழைக்க அழைப்பிதழ் தேவையில்லை. "ஒங்க பேரு துணியில இருக்கு, வந்து பாருங்க" என்று பிள்ளைகள் சொன்னால் போதும்.

இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அந்தச் சேலையைப் பற்றியதுதான்.

சேலை என்றால் எந்தச் சேலை? எத்தனை பெயர் அடங்கும்?

கரையில்லாத வெள்ளைப் பருத்திச் சேலை. நைலெக்ஸ், பொலியெஸ்டர் வேண்டாம். மை பிடிக்காமல் வழுக்கும். ஐந்தரை மீற்றர் நீளமும் 110 சென்ரிமீற்றர் அகலமும் உள்ளதாகப் பாருங்கள். புதுச் சேலையில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். அப்படியே எழுதினால் எழுத்து கஞ்சியின் மேலே நின்றுவிட்டு, முதல் ஈரத்தில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். அதனால் வாங்கியதும் ஒரு தரம் நன்றாக அலசிக் காய வையுங்கள். துணி கொஞ்சம் சுருங்கவும் செய்யும், ஆகவே அளவெடுப்பது அலசிய பிறகுதான்.

கணக்கு இப்படிப் போகும். இடாப்பு 1978இல் தொடங்கி 2024இல் முடிகிறது, 847 பெயர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் 10 சென்ரிமீற்றர் விட்டால் எழுத 90 சென்ரிமீற்றர் உயரம் கிடைக்கும். தலைப்பெழுத்தோடு ஒரு பெயருக்கு 18 சென்ரிமீற்றர் அகலம் போதும். இரண்டு ஓரத்திலும் 14 சென்ரிமீற்றர் விட்டால் 29 நிரல்கள் வரும். வரிக்கு 3 சென்ரிமீற்றர் என்று போட்டால் நிரலுக்கு 30 வரி, ஆக 870 இடம். 847 பெயருக்கு இது தாராளம் என்று நினைத்துத் தொடங்கி, கடைசியில் இடமில்லாமல் நிற்பவர்கள் உண்டு. 47 ஆண்டுகளுக்கும் ஆண்டுத் தலைப்பு வரி ஒவ்வொன்று வேண்டுமே! அதையும் சேர்த்தால் 894 வரி.

ஆகவே வரியை இரண்டரை சென்ரிமீற்றராக வையுங்கள். நிரலுக்கு 36 வரி, மொத்தம் 1,044. இதில் 894 வரிகள் 25 நிரலுக்குள் முடிந்துவிடும். எஞ்சிய 4 நிரல்களை வெறுமையாகவே விட்டுவையுங்கள். அவை எதற்கென்று கீழே சொல்கிறோம். உங்கள் இடாப்பில் பெயர்கள் இதைவிட அதிகம் என்றால் வரியை இன்னும் நெருக்கப் பார்க்காதீர்கள், இரண்டாவது சேலை வாங்குங்கள். இரண்டரை சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் தரம் 3 பிள்ளைகளின் 'ணை'யும் 'ஞ்ச'வும் அடுத்த வரிக்குள் கால் நீட்டிவிடும்.

என்ன பேனாவால் எழுதுவது? போன வருடம் பதாகை எழுதினோம், பனியில் எல்லாம் கரைந்து போனது.

கரைந்தது தண்ணீர் மையாக இருக்கும். பிள்ளைகள் படத்துக்கு நிறம் தீட்டும் பேனாக்கள் எல்லாம் அந்த வகைதான். பெர்மனன்ட் மார்க்கர் வேண்டும், அதிலும் நுனி மெல்லியது. பருத்தி மையை உறிஞ்சும், நுனியும் சீக்கிரம் பிய்ந்துவிடும் என்பதால் நாலைந்து வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு பெயர்களுக்கு, சிவப்பு ஒன்று ஆண்டுகளுக்கு.

எழுதத் தொடங்குமுன் சேலையின் மூலையில் இரண்டெழுத்து எழுதி, ஒரு மணித்தியாலம் காயவிட்டு, நனைத்து, வெள்ளைக் கந்தையால் அழுத்தித் தேயுங்கள். கந்தையில் கறை ஏறினால் அந்த மார்க்கர் ஆகாது.

பனிக்காலத்துக் காலையில் துணி தொட்டாலே சில்லென்று ஈரமாயிருக்கும். அப்போது எழுதினால் எந்த மையும் மயிர் மயிராகப் பரவும். வெயில் ஏறி, பத்து மணிக்குப் பிறகு எழுதுங்கள். துணியை மேசையில் இழுத்துப் பிடித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். அடியில் மட்டையோ தடித்த பத்திரிகைத் தாளோ கிடக்கட்டும், இல்லாவிட்டால் மை ஊடுருவி மேசையில் பெயர் பதிந்துவிடும். மேசை அரசாங்கத்துடையது. வரிகளைப் பென்சிலால் மெதுவாகக் கோடிட்டுக்கொண்டால் போதும்.

எழுதும் வேகத்தையும் பாருங்கள். 14 பேரில் தரம் 3, 4, 5 பிள்ளைகள் 9 பேர் என்றால் ஆளுக்குச் சுமார் 94 பெயர். ஒரு பிள்ளை ஒரே மூச்சில் 20 பெயருக்கு மேல் எழுதினால் எழுத்து சாயத் தொடங்கும். நாளுக்கு 20 என்று நிறுத்தினால் ஐந்து நாளில் முடியும். மழையும் வராத பிள்ளையும் இருக்கும், பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு அவரவர் பெயரை அவரவரே எழுதுவதுதான் வேலை. கடைசி ஆண்டின் வரிகளை அதற்காக விட்டுவையுங்கள்.

இடாப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்து எழுதச் சொல்லலாமா?

கூடாது. சேர்வு இடாப்பு பாடசாலையின் மூல ஆவணம், அலுவலக அறையை விட்டு அது வெளியே வரக்கூடாது. தாள் பழுப்பேறி மடிப்பில் உடைகிற புத்தகத்தை ஒன்பது பிள்ளைகள் புரட்டினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர் ஒருவர் வாசிக்க, மற்றவர் சீ.ஆர். கொப்பியில் எழுதட்டும். சேர்வு இலக்கம், பெயர், சேர்ந்த ஆண்டு மூன்றும் போதும். இடாப்பில் பிறந்த திகதி, தகப்பனின் தொழில், சமயம், விலகிய காரணம் எல்லாம் இருக்கும். அவற்றில் ஒன்றும் கொப்பிக்கு வரவேண்டாம். பக்கத்துக்கு 25 பெயர் என்று வைத்தால் சரிபார்ப்பது எளிது. ஒரு வரி தவறினால் அதற்குப் பிறகுள்ள எல்லா இலக்கமும் ஒன்று பிசகும், பெயர்களைப் பார்த்தால் பிழை தெரியவே தெரியாது. ஒவ்வொரு பத்தாவது இலக்கத்திலும் நிறுத்தி இடாப்போடு ஒப்பிட்டால், பிசகு நடந்த இடம் பத்து வரிக்குள் அகப்பட்டுவிடும்.

ஒரே பெயர் நாலைந்து தடவை வருகிறது. சில பெயர் பிழையாகவும் இருக்கிறது. திருத்தி எழுதலாமா?

தோட்டத்தில் ராமாயியும் முனியாண்டியும் பலர். ஆகவே பெயருக்கு முன்னால் சேர்வு இலக்கத்தையும் சின்னதாகப் போடுங்கள். தகராறு வந்தால் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் ஒரே ஆள் இரண்டு தடவை வருவதும் உண்டு. குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கும். விலகிய பிள்ளை மறுபடி சேர்ந்தபோது புது இலக்கம் போட்டிருப்பார்கள். இரண்டையும் எழுதுங்கள். அதனால் 847 இலக்கம் என்றால் 847 பேர் என்று கடைசி நாளில் அறிவித்துவிடாதீர்கள்.

பிழையான பெயரை இடாப்பில் தொடவே வேண்டாம், அதில் ஒரு எழுத்தை மாற்றுவதும் ஆவணத்தைத் திருத்துவதுதான். சேலையில் என்ன செய்வது என்பது வேறு கதை. ஆளோ பிள்ளைகளோ தோட்டத்தில் இருந்தால் போய்க் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள். சேலை சான்றிதழ் அல்லவே. கேட்க ஆளில்லாத பெயரை இடாப்பில் உள்ளபடியே எழுதுங்கள்.

எங்கள் தாத்தா இங்கேதான் படித்தாராம். இடாப்பில் பெயரே இல்லை. பொய் சொல்கிறாரா?

இல்லை. தோட்டப் பாடசாலைகள் வெகுகாலம் தோட்ட நிருவாகத்தின் கீழ் இருந்தவை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, அதன்பின் 1970களின் பிற்பகுதியில்தான் பெரும்பாலான பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. பொறுப்பேற்றபோது பல இடங்களில் புது இடாப்பு திறந்து முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கினார்கள். அதற்கு முந்திய புத்தகங்கள் தோட்டத்து ஒபிசில் கிடந்து செல்லரித்தன, அல்லது இடம் மாறும்போது காணாமல் போயின. ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்து வகுப்பும் ஒன்றாக இருந்த காலம் அது. 1980களிலும் 90களிலும் சுவீடன் உதவியில் எழுந்த கட்டடத்தைப் பார்த்துப் "பள்ளிக்கூடம் அப்போதுதான் தொடங்கியது" என்று நினைப்பதும் இதே மாதிரித் தவறுதான்.

வெறுமையாக விட்ட 4 நிரல்கள் இவர்களுக்குத்தான். 144 பேர் எழுதலாம். பெயரை அவர்களே தங்கள் கையால் எழுதட்டும். இரண்டாம் வகுப்போடு நின்று கொழுந்துக்குப் போன பாட்டிக்கு எழுத வராது என்றால், பேரப்பிள்ளை எழுத, பக்கத்தில் அவர் கைநாட்டு வைக்கலாம். இதைக் கடைசி நாளன்று எல்லார் முன்னிலையிலும் செய்யச் சொல்லாதீர்கள். எழுதத் தெரியாததை ஊர் பார்க்க வேண்டுமென்று எவரும் விரும்புவதில்லை. பிள்ளைகள் இரண்டு பேராகச் சேர்ந்து, பழைய ஆட்களைப் பின்னேரங்களில் பள்ளிக்கூடத்துக்கே கூட்டி வரட்டும். துணியைச் சுருட்டிக்கொண்டு லயம் லயமாகப் போனால் அடுப்புக் கரி பிடிக்கும்.

இடாப்பைப் போனில் படமெடுத்து பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் போடலாமா?

வேண்டாம். பிறந்த திகதியும் பெற்றோர் விவரமும் விலகிய காரணமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சேலையைப் படமெடுத்துப் போடுங்கள்.

எந்த நாளில் வைப்பது?

மழையையும், தோட்டத்தில் நாட்கூலிக்குப் போடும் பேரையும் பார்த்துத் தீர்மானியுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறை பக்கத்தில் வருடக் கடைசியும் ஜனவரியும்தான் நனைக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பக்கமும் பின்னேரம் இடியோடு கொட்டும். எந்த மாதமானாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி 11.30க்குள் முடிப்பதே பாதுகாப்பு.

வேலைநாளில் வைத்தால் அம்மாமார் பேரை இழந்துதான் வரவேண்டும். அரைப்பேர் போட்டுவிட்டு வருவார்கள் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்லது, ஆனால் கொழுந்து அதிகமான மாதங்களில் ஞாயிறும் கைக்காசு வேலை இருக்கும். போயா நாள் இன்னும் நிச்சயம். கோயில் திருவிழாவும் காமன் கூத்தும் எந்த நாளில் என்று தோட்டத் தலைவரிடம் முதலே கேட்டுவிடுங்கள்.

அன்றைக்கு 847 பெயரையும் வாசிப்பதா?

வாசித்துப் பார்த்தால் புரியும். பிள்ளை வாசிக்க ஒரு பெயருக்கு 4 வினாடி, எல்லாம் முடிய 56 நிமிடம். இருபதாவது நிமிடத்தில் பின்வரிசை கலைந்துவிடும். ஒவ்வொரு ஆண்டிலும் முதலில் சேர்ந்தவர், கடைசியில் சேர்ந்தவர் என்று இரண்டு பெயர் மட்டும் வாசியுங்கள். 47 ஆண்டுக்கு 94 பெயர், ஆறு ஏழு நிமிடத்தில் முடியும். வந்திருப்பவர் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லலாம். 50 வயதுக்காரர் அப்படிச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

காலமானவரின் பெயர் வந்தால் அறிவிக்க வேண்டாம், அடுத்த பெயருக்குப் போக இரண்டு வினாடி பொறுத்தால் போதும். வாசிக்கும் பட்டியலை முதல் நாளே குடும்பங்களிடம் காட்டுங்கள். அண்மையில் இழவு நடந்த வீடென்றால் அந்தப் பெயரை வாசிக்கலாமா என்று அவர்களே சொல்லட்டும்.

மண்டபத்திலுள்ள இரண்டு தூண்களுக்கிடையே, மேல் மடிப்பில் கயிறு கோத்து, மேல் விளிம்பு 160 சென்ரிமீற்றர் உயரத்தில் வரும்படி சேலையைக் கட்டுங்கள். அப்போது கீழ்வரி முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும், கூன் விழுந்தவரும் சின்னப் பிள்ளையும் வாசிக்கலாம். வெளியே கட்டாதீர்கள், காற்று கிழித்துவிடும்.

கடைசியில் 14 பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியர் கூப்பிடுவது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிறோ போயாவோ பாடசாலை நாள் அல்ல, அதனால் வரவு இடாப்பில் அடையாளமிட முடியாது. அன்று வாயால் மட்டும் கூப்பிட்டு, இடாப்பைக் கடைசிப் பாடசாலை நாளிலேயே பிள்ளைகள் முன்னிலையில் மூடிவிடுங்கள். எங்களுக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான். 14 பேரும் மேசையைச் சுற்றி நின்று, தங்கள் வரிக்குக் கீழே ஆசிரியர் கோடு இழுப்பதைப் பார்ப்பது பெரிய கூட்டத்தில் அமையாது.

பிளேன்டீ 60 பேருக்கு: 9 லீற்றர் தண்ணீர், 120 கிராம் தேயிலை, 600 கிராம் சீனி. இஞ்சி விருப்பம்போல.

மணியை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா? பெயர்ப் பலகை?

பொருட்பதிவேட்டில் உள்ளது எதுவும் உங்களுடையதல்ல. தளபாடம், பலகை, வானொலி, மணி எல்லாம் வலயக் கல்விப் பணிமனை சொல்கிற இடத்துக்குப் போகும். மணியைப் பிள்ளைகள் சேரப்போகும் பாடசாலைக்குத் தரும்படி அதிபர் கடிதம் மூலம் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. தண்டவாளத் துண்டுதான் மணி என்றால் ஒரு எச்சரிக்கை: ஓரடித் துண்டே பத்துக் கிலோவைத் தாண்டும், கட்டிய கம்பி மலைநாட்டு ஈரத்தில் உள்ளே துருவேறியிருக்கும். 14 பிள்ளைகளும் ஆளுக்கொரு தடவை அடிக்கப் போகிறார்கள் என்றால் முதல் நாளே கம்பியை மாற்றுங்கள்.

பிள்ளைகளுடையது என்று தாராளமாக எடுத்துப்போகக்கூடியவை அவர்களின் கொப்பிகள், சுவரில் ஒட்டிய படங்கள், தோட்டத்துச் செடியின் கிளைகள். பல பாடசாலை முற்றங்களில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவின் பூக்காத கிளையில் ஒரு சாண் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, கணுவொன்று மண்ணுக்குள் போகும்படி நிழலில் நட்டால் சில வாரத்தில் வேர்விடும். விடைபெறும் நாளில் வெட்டிக் கையில் கொடுத்தால் வீடு போவதற்குள் வாடிவிடும். ஒரு மாதம் முன்பே பையில் நட்டு, பிழைத்ததைக் கொடுங்கள். பத்துக்கு மூன்று நாலு பட்டுப்போகும் என்று எண்ணி, 14 பேருக்கு 24 நடுங்கள்.

என் மகள் தரம் 4. கடைசி நாளில் என்ன கடதாசி வாங்கிவைக்க வேண்டும்?

விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை இரண்டும். விடுகைப் பத்திரத்தில் பெயரையும் பிறந்த திகதியையும் பிறப்பத்தாட்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அதிபர் கதிரையில் இருக்கும்போதே சொல்லவேண்டும். மூடிய பிறகு அதே திருத்தத்துக்கு வலயப் பணிமனைக்கு பஸ் ஏறி, ஒரு நாள் பேரையும் விட்டுப் போகவேண்டி வரும்.

படித்து முடித்த பெரியவர்களுக்கும் இது உண்டு. பிறப்பைக் காலங்கடந்து பதிவுசெய்யப் போனால் கேட்கும் ஆதாரங்களில் பாடசாலைச் சேர்வு விவரமும் ஒன்று. பிறப்பத்தாட்சி இல்லாதவர்கள் தோட்டத்தில் இருந்தால், இடாப்பு கண்முன் இருக்கும்போதே அதிபரின் கையொப்பத்தோடு பிரதி கேட்கட்டும். இடாப்பு எந்தப் பணிமனைக்கு அல்லது பாடசாலைக்கு ஒப்படைக்கப்படுகிறது என்று அதிபரிடம் எழுதி வாங்கி, அந்த வரியைச் சேலையின் கீழ் ஓரத்திலும் எழுதிவிடுங்கள். முப்பது வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு விலாசம் அங்கே கிடைக்கும்.

தரம் 1 பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மூடுவது புரியவில்லை. "டீச்சர் செத்துட்டாங்களா" என்று கேட்கிறது.

அந்த வயதில் பள்ளிக்கூடம் என்றால் டீச்சர்தான். அவர் எந்தப் பாடசாலைக்கு மாற்றலாகிறார் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். மூடுவதற்கு முந்திய வாரம் புதுப் பாடசாலைக்கு ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போய், மலசலகூடம் எங்கே, தண்ணீர் எங்கே, எந்த மேசை என்று காட்டுங்கள். தூரத்துக்குப் பயப்படுவதைவிட மலசலகூடத்துக்குத்தான் சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள்.

எல்லாம் முடிந்தபின் சேலையை யார் வைத்திருப்பது?

ஒரு வீட்டில் கொடுத்தால் அது அந்த வீட்டுச் சேலையாகிவிடும். பிள்ளைகளில் பெரும்பாலோர் சேரும் பாடசாலை, இல்லாவிட்டால் தோட்டத்துக் கோயில், இரண்டில் ஒன்று. கோயில் என்றால் வேறு சமயத்தவர் தயங்குவார்களா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மடித்து வைத்தால் நாளடைவில் மடிப்புக் கோடு பழுப்பேறி, அதன் மேல் விழுந்த பெயர்கள் முதலில் போகும். மூன்றங்குல பீ.வீ.சீ. குழாய் 120 சென்ரிமீற்றர் நீளத்தில் வாங்கி, எழுத்து உட்பக்கம் வரும்படி சுருட்டி, பழைய பருத்தித் துணியால் சுற்றிக் கட்டுங்கள். பொலித்தீன் உறை போடவே கூடாது. உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும், கறுப்புப் புள்ளி விழுந்தால் பிறகு போகாது. சுவரில் சாய்க்காமல், இறாக்கையின் மேல்தட்டில் படுக்க வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த மாதத்தில், நிழலில் அரை நாள் விரித்துக் காற்றாட விட்டுத் திரும்பச் சுருட்டுங்கள். நேர் வெயில் வேண்டாம், சிவப்பு மை முதலில் வெளுக்கும். ஆண்டுகளை எழுதியிருப்பது அதில்தான்.